அடர்த்திமானிக்குக் காற்றும் தண்ணீரும்: யு குழாயைச் சரிசெய்வதும் குமிழி கெடுப்பதும்

நாற்பது சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்பிரிட்டை அடர்த்திமானியில் அளக்கிறீர்கள். கருவி 39.7 காட்டுகிறது. மாதிரியில் குறை இல்லை. வெப்பநிலை 20 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. குழாயில் ஒரு குமிழிகூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் விடை தவறு. குமிழி இருந்தது இன்றைக்கு அல்ல. போன வாரம் யாரோ தண்ணீர் விட்டுக் கருவியைச் சரிசெய்த அன்றைக்கு.

யு குழாய் அடர்த்திமானிக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மாதிரியில் இருக்கும் குமிழி அந்த ஒரு அளவீட்டோடு போய்விடும். சரிசெய்யும்போது தண்ணீரில் இருந்த குமிழியோ கருவியின் மாறிலிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த முறை சரிசெய்யும் வரை வருகிற எல்லா எண்ணையும் கெடுக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் சரிசெய்யும் முறையைச் சொல்லும்போதே குமிழி எங்கெங்கே நுழைகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அடர்த்தி எண்கள் எல்லாம் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில். ஆல்கஹால் சதவீதம் 20 டிகிரியில் கனஅளவுக் கணக்கு.

கருவி உண்மையில் எதை அளக்கிறது

கருவிக்குள் யு வடிவத்தில் வளைத்த ஒரு மெல்லிய போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. பல கருவிகளில் அதன் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டர் அளவுதான். இரண்டு முனைகளும் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். வளைவுப் பக்கம் அந்தரத்தில் நிற்கும். மின்சாரத்தால் அதைத் தொடர்ந்து அதிரவிட்டு, ஒரு அதிர்வுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கருவி எண்ணுகிறது. அதுதான் அலைவு நேரம். குழாய்க்குள் கனமான திரவம் இருந்தால் அதிர்வு மெதுவாகும், அலைவு நேரம் கூடும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கிராட்கி, லியோபோல்ட், ஸ்டாபிங்கர் ஆகியோர் உருவாக்கிய இந்த முறை 1967இல் விற்பனைக்கு வந்தது. இன்று சர்க்கரை ஆலை, மதுபான ஆலை, பெட்ரோலிய ஆய்வகம் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது.

மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்த ஸ்கேலைச் சுண்டிவிட்டால் எப்படி அதிருமோ, அப்படித்தான் இந்தக் குழாயும். ஸ்கேலின் நுனியில் ஒரு காசை ஒட்டினால் அதிர்வு நன்றாகவே மெதுவாகும். அதே காசை மேசை விளிம்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் வித்தியாசம் தெரியாது. குழாயில் குமிழி வளைவுக்குப் பக்கத்தில் இருந்தால் பிழை பெரிது, முனைக்குப் பக்கத்தில் இருந்தால் சிறிது என்பதற்கும் இதுவே காரணம். இதைப் பிறகு பார்க்கலாம்.

அலைவு நேரத்திலிருந்து அடர்த்திக்கு வரும் கணக்கு, கருவியின் எளிய வடிவத்தில் இது:

```
ρ  = A·τ² − B
A  = (ρw − ρa) / (τw² − τa²)
B  = A·τa² − ρa
```

இதில் ρ அடர்த்தி, τ அலைவு நேரம். a காற்றையும் w தண்ணீரையும் குறிக்கும். A, B இரண்டும் அந்தக் குறிப்பிட்ட குழாய்க்கு, அந்த வெப்பநிலைக்கு மட்டும் உரியவை. அவற்றைக் கண்டுபிடிக்க அடர்த்தி நன்றாகத் தெரிந்த இரண்டு பொருட்கள் வேண்டும். காற்றும் தூய தண்ணீரும் எங்கும் கிடைக்கும், இரண்டின் அடர்த்தியும் அட்டவணையில் இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். புதிய கருவிகள் இந்தச் சமன்பாட்டோடு பாகுநிலைத் திருத்தம் போன்றவற்றையும் சேர்க்கும். ஆனால் அடித்தளம் மாறாது.

முதலில் சரிபாருங்கள், பிறகு தேவையென்றால் மட்டும் சரிசெய்யுங்கள்

தினமும் காலையில் வந்ததும் சரிசெய்துவிடும் பழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. இது தவறான பழக்கம். நன்றாக இருக்கும் மாறிலிகளை ஒவ்வொரு நாளும் அழித்துவிட்டு, அன்றைய கவனக்குறைவை அந்த இடத்தில் எழுதும் வேலை அது. தினமும் செய்ய வேண்டியது சரிபார்ப்பு மட்டுமே: குழாயைக் காயவைத்துக் காற்றின் எண்ணைப் பாருங்கள், பிறகு தண்ணீர் விட்டு அதன் எண்ணைப் பாருங்கள். 20 டிகிரியில் தண்ணீர் 0.99820 காட்ட வேண்டும். உங்கள் ஆய்வகம் வைத்திருக்கும் எல்லைக்குள் இருந்தால் மாறிலிகளைத் தொடாதீர்கள்.

எல்லைக்கு வெளியே போனாலும் உடனே சரிசெய்யும் மெனுவுக்குப் போக வேண்டாம். குழாயைக் கழுவிக் காயவைத்து, புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை பாருங்கள். பல நேரம் இதிலேயே எண் திரும்பிவிடும். இரண்டு மூன்று முறை செய்தும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால்தான் கருவியே நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

சரிசெய்வதற்கு முன்னால் பழைய A, B, காற்றின் அலைவு நேரம், தண்ணீரின் அலைவு நேரம், தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதிவையுங்கள். இந்த ஒரு வரி இல்லையென்றால் பின்னால் குமிழியைப் பிடிக்க வழியே இல்லாமல் போகும்.

தண்ணீரைத் தயார் செய்வது

காய்ச்சி வடித்த நீரோ அயனி நீக்கிய நீரோ எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குடுவையில் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். சூடாக இருக்கும்போதே இன்னொரு சுத்தமான, சூடு தாங்கும் குடுவையில் விளிம்புவரை ஊற்றி, மேலே காற்றுக்கு இடமில்லாமல் மூடிவையுங்கள். ஆடாமல் வைத்து, அளக்கும் வெப்பநிலைக்கு அருகே வந்ததும் பயன்படுத்துங்கள். நேற்றுக் கொதிக்கவைத்துத் திறந்து வைத்த நீர் இதற்கு உதவாது. அது மறுபடி காற்றை உறிஞ்சியிருக்கும்.

கொதிக்கவைப்பது எதற்கு என்று புரிந்துகொண்டால் இந்த வேலையில் சலிப்பு வராது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று அதன் அடர்த்தியை மாற்றும் அளவு மிகச் சிறியது. 20 டிகிரியில் சுமார் 0.000003தான். ஐந்து தசமம் காட்டும் கருவியில் அது தெரியவே தெரியாது. பிரச்சினை கரைந்த காற்று அல்ல, அது குழாய்க்குள் வெளியே வருவதுதான். குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரையும், சூடு ஏற ஏற வெளியேறும். பிரிட்ஜில் இருந்து எடுத்த நீரையோ, ஏசி அறையில் 18 டிகிரிக்கு வந்த நீரையோ 25 டிகிரி குழாயில் விட்டால், அதிகப்படிக் காற்று கண்ணாடிச் சுவரில் நுண்ணிய மணிகளாக ஒட்டிக்கொள்ளும். விடும்போது குமிழி இல்லை. ஐந்து நிமிடம் கழித்து இருக்கிறது. கொதிக்கவைத்த நீரில் அந்த மிச்சக் காற்று இல்லை, அதனால் இந்த ஆபத்தும் இல்லை.

கழுவுவது, காயவைப்பது

முன்பு விட்ட மாதிரி தண்ணீரில் கரைவது என்றால் முதலில் தண்ணீர், பிறகு எத்தனால். எண்ணெய் வகையாக இருந்தால் அதைக் கரைக்கும் டொலுவீன் போன்ற கரைப்பானால் கழுவி, பிறகு எத்தனாலோ அசிட்டோனோ விட வேண்டும். கடைசியில் விடும் கரைப்பான் சீக்கிரம் ஆவியாகக்கூடியதாக, மிச்சம் வைக்காததாக இருக்க வேண்டும். அதன் பிறகு கருவியின் பம்பை ஓட்டிக் காற்றால் காயவையுங்கள்.

இங்கே புதியவர்கள் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு. எத்தனால் முழுவதும் போகும் முன்பே தண்ணீரை விட்டுவிடுவார்கள். எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது கொஞ்சம் சூடு பிறக்கும், இரண்டிலும் கரைந்திருந்த காற்று வெளியே தள்ளப்படும். கலவைக்கு அந்த அளவு காற்றைத் தாங்கும் திறன் இல்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டையும் கலந்து பாருங்கள், பொடிப்பொடியாகக் குமிழி எழுவது கண்ணுக்கே தெரியும். இதே விஷயம் குழாய்க்குள் நடந்தால், எவ்வளவு நன்றாகக் கொதிக்கவைத்த நீராக இருந்தாலும் பயனில்லை. மிச்ச எத்தனால் தண்ணீரின் அடர்த்தியையும் குறைத்துவிடும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் இழுக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கருவியே சொல்லும். பம்பு ஓடும்போது அலைவு நேரம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பம்பை நிறுத்திவிட்டு வெப்பநிலை திரும்பி நிலைக்கும் வரை காத்திருங்கள். அந்த எண் மேலும் குறையாமல் நின்றால் காய்ந்தது. பம்பை நிறுத்திய பின் எண் மெல்ல ஏறினால் எங்கோ ஈரம் இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சென்னை போன்ற இடத்தில் ஏசி இல்லாத அறைக் காற்றின் பனிநிலை பல மாதங்களில் 20 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அந்தக் காற்றை 20 டிகிரியில் இருக்கும் குழாய்க்குள் பம்பு தள்ளினால், காயவைப்பதற்குப் பதில் பனி படிய வைக்கும். 15 டிகிரியில் அளக்கும் பெட்ரோலிய ஆய்வகங்களில் இது இன்னும் மோசம். பம்புக் காற்று சிலிக்கா ஜெல் போன்ற உலர்த்தி நிரப்பிய குப்பி வழியாக வரும்படி வையுங்கள், நிறம் மாறியதும் உலர்த்தியை மாற்றுங்கள். எவ்வளவு கழுவியும் காற்றின் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் குழாயின் வெளிப்பக்கம் ஈரம் படிகிறதோ என்றும் சந்தேகப்பட வேண்டும். அதைத் திறந்து பார்ப்பது சேவைப் பொறியாளரின் வேலை.

காற்றின் எண்

20 டிகிரியில், கடல்மட்டத்து அழுத்தத்தில், உலர்ந்த காற்றின் அடர்த்தி 0.001205. சாதாரண ஈரப்பதம் சேர்த்தால் 0.001199. அழுத்தம் மாறினால் இது நேர்விகிதத்தில் மாறும். பெட்ரோலியப் பொருட்களுக்கான ஏஎஸ்டிஎம் டி4052 முறை தரும் சூத்திரம் எளிது: 0.001293ஐ 273.15ஆல் பெருக்கி, கெல்வின் வெப்பநிலையால் வகுத்து, அழுத்தத்தை 101.325 கிலோபாஸ்கலால் வகுத்த விகிதத்தால் பெருக்க வேண்டும். அழுத்த உணரி உள்ள கருவிகள் இதைத் தாமே செய்துகொள்ளும். இல்லாத கருவியில் அழுத்தத்தை நீங்கள் தட்ட வேண்டும்.

அப்படித் தட்டும்போது வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தைப் போடாதீர்கள். அது கடல்மட்டத்துக்குத் திருத்தியது. உங்கள் அறையில் இருக்கும் உண்மையான அழுத்தம்தான் வேண்டும். சென்னையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி 0.00092 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே 0.0012 என்று கொடுத்துச் சரிசெய்தால் தண்ணீரின் எண் சரியாகவே வரும், ஸ்பிரிட்டில் 0.00001 அளவுதான் பிழை. ஆனால் தண்ணீரிலிருந்து விலக விலகப் பிழை வளரும். 0.74 அடர்த்தியுள்ள பெட்ரோலில் அது சுமார் 0.00007 ஆகிவிடும், ஐந்து தசமக் கருவியில் நன்றாகவே தெரியும்.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பக்கத்து அடர்த்தியுள்ள மாதிரிகளை அளப்பவருக்குக் காற்றுப் பக்கத்துப் பிழை அவ்வளவு வலிக்காது. தண்ணீர்ப் பக்கத்துப் பிழை முழுசாக வலிக்கும். கவனத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதற்கு இதுவே கணக்கு.

தண்ணீரை விடுவது

ஊசி இல்லாத, சுத்தமான பிளாஸ்டிக் சிரிஞ்ச் எடுங்கள். குழாயின் கொள்ளளவைவிட இரண்டு மூன்று மடங்கு பிடிக்க வேண்டும்.

1. சிரிஞ்சின் நுனியைத் தண்ணீரின் மேற்பரப்புக்கு நன்றாகக் கீழே வைத்து மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் பிஸ்டனுக்குக் கீழே அழுத்தம் குறைந்து அங்கேயே குமிழி பிறக்கும்.

2. நுனி மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து விரலால் தட்டுங்கள். பிஸ்டனின் ரப்பர் ஓரத்தில் ஒரு குமிழி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். மேலே வந்த காற்றை வெளியே தள்ளி, நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும் நிலையில் கருவியின் வாயில் செருகுங்கள். நுனி காலியாக இருந்தால் அந்த இடத்துக் காற்றுதான் முதலில் உள்ளே போகும்.

3. மெதுவாக, நிறுத்தாமல் தள்ளுங்கள். திரவத்தின் முன்விளிம்பு குழாயின் சுவரை முழுதும் நனைத்தபடி நகர வேண்டும். பாதியில் நிறுத்தித் தள்ளினால் நடுவே காற்று மாட்டும். மறுமுனையில் வெளியேறித் தாராளமாகக் கழிவுக்குப் போகும் வரை தள்ளுங்கள்.

4. சிரிஞ்சைக் கழற்றாமல் அப்படியே விடுங்கள். கழற்றினால் திரவம் பின்வாங்கிக் காற்று நுழையலாம்.

5. கருவியின் ஜன்னல் வழியாகவோ கேமரா படத்திலோ முழுக் குழாயையும் பாருங்கள், வளைவை இன்னும் கூர்ந்து. சந்தேகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். ஒட்டியிருந்த குமிழி நகரும், கண்ணாடியில் இருக்கும் கீறலோ கறையோ நகராது. பழைய கருவிகளில் விளக்கைப் பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள், அதன் சூடு குழாயின் வெப்பநிலையைக் கெடுக்கும்.

குமிழி தெரிந்தால் அதைத் துரத்த ஓரிரு முறை தள்ளிப் பார்க்கலாம். போகவில்லையென்றால் முழுவதையும் வெளியேற்றிக் காயவைத்து மறுபடி விடுவதுதான் வழி. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குமிழி ஒட்டினால் அந்த இடத்துக் கண்ணாடியில் கொழுப்போ படிவோ இருக்கிறது. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் படர்ந்து ஓடும், அழுக்குக் கண்ணாடியில் திட்டுத் திட்டாக நிற்கும். மிதமான சோப்புக் கரைசலால் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு, எத்தனால் விட்டுக் காயவைத்துப் பாருங்கள்.

எண் நிலைத்ததும் கருவி தண்ணீரின் அளவீட்டை எடுத்துக்கொண்டு புதிய மாறிலிகளைக் காட்டும். ஏற்பதா என்று கேட்கும். இங்கே கையை நிறுத்திப் பழைய நோட்டைப் பாருங்கள்.

ஒரு குமிழி, முழுக் கணக்கோடு

எண்கள் எளிதாக இருக்க, காற்றில் 2550.000 மைக்ரோவினாடியும் தண்ணீரில் 2720.000 மைக்ரோவினாடியும் காட்டும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி 0.001199, தண்ணீரின் அடர்த்தி 0.998203 என்று வைத்து, நேரத்தை மில்லிவினாடிக்கு மாற்றி மேலே சொன்ன சமன்பாட்டில் போட்டால் A 1.112852 என்றும் B 7.235121 என்றும் வரும்.

இப்போது தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு குமிழி. அதன் கனஅளவு சுமார் 0.0005 மில்லிலிட்டர். குழாய் ஒரு மில்லிலிட்டர் என்றால் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் காணாமல் போய்விட்டது. சராசரிக் கணக்கில் அடர்த்தி 0.0005 குறையும். வளைவில் இருந்தால் இதைவிட அதிகம், முனைக்குப் பக்கத்தில் இருந்தால் குறைவு. குமிழி தன்னைச் சுற்றிய திரவத்தோடு சேர்ந்து ஆடாமல் தனியாகக் கூடுதலாக ஆடும் என்பதால் விளைவு இன்னும் பெருகவும் வாய்ப்பு உண்டு. நாம் 0.0005 என்றே வைத்துக்கொள்வோம்.

அலைவு நேரம் 2719.917 ஆகிறது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, 0.083 மைக்ரோவினாடி வித்தியாசம். ஆனால் கருவியிடம் நாம் "இது 0.998203" என்று சொல்லிவிட்டோம். அது நம்புகிறது. A இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கூடி 1.113410 ஆகிறது. இனி அது அளக்கும் எல்லாமே அந்த விகிதத்தில் கூடித் தெரியும்.

சரியாக 40.0 சதவீத ஸ்பிரிட்டின் அடர்த்தி 20 டிகிரியில் 0.94805. இந்தக் கருவி அதை 0.94853 என்று காட்டும். அந்தப் பகுதியில் ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு அடர்த்தி சுமார் 0.0016 மாறும் என்பதால், விடை 39.7 சதவீதம். முதலில் சொன்ன எண் இப்படித்தான் வந்தது.

அதே அளவு குமிழி, கருவி சரியாக இருந்து, மாதிரியில் இருந்திருந்தால்? அடர்த்தி குறைந்து 0.94755 என்று தெரியும், ஆல்கஹால் 40.3 என்று வரும். திசை நேர் எதிர். மாதிரியில் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். சரிசெய்த தண்ணீரில் குமிழி அதன் பிறகு வரும் எல்லா அடர்த்தியையும் கூட்டிக் காட்டும். இரண்டும் ஒரே நாளில் நேர்ந்தால் ஒன்றை ஒன்று மறைத்துச் சரியான விடைபோல ஒன்று வந்து நிற்கும்.

அதே தண்ணீரை வைத்துச் சரிபார்க்காதீர்கள்

சரிசெய்து முடித்ததும் குழாயில் இருக்கும் அதே தண்ணீரை மறுபடி அளந்து, 0.99820 வந்துவிட்டது, சரி என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அந்த அளவீட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. குமிழி அங்கேயே இருக்கும்போது, அந்தக் குமிழியோடு சேர்ந்த தண்ணீரைத்தான் 0.99820 என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அது வேறு எதைச் சொல்லும்?

முழுவதையும் வெளியேற்றி, எத்தனாலால் கழுவி, காயவைத்து, காற்றின் எண்ணைப் பாருங்கள். பிறகு புதிதாக ஒரு சிரிஞ்ச் தண்ணீர் விடுங்கள். சரிசெய்தபோது குமிழி இருந்து இப்போது இல்லையென்றால், மேலே சொன்ன கருவி 0.99870 காட்டும். தண்ணீரின் உண்மையான அடர்த்தியைவிடக் கூடுதலாக! தூய நீர் அந்த வெப்பநிலையில் தன் அளவைவிட கனமாக இருக்க வழியே இல்லை. வெப்பநிலை உணரி கெட்டிருந்தால்கூட ஒரு டிகிரிக்கு 0.0002தான் மாறும், இரண்டரை டிகிரி தவறு இருந்தால்தான் இவ்வளவு வரும். ஆகவே அதிகமாகக் காட்டும் தண்ணீர் என்றால் முதல் சந்தேகம் சரிசெய்த அன்றைய குமிழி மேல்தான்.

இன்னும் ஒரு முறை, மூன்றாவது சிரிஞ்ச் விட்டுப் பாருங்கள். ஐந்து தசமக் கருவியில் இரண்டு தனித்தனி நிரப்பல்களும் 0.00002க்குள் ஒத்துப்போனால் நம்பலாம். நுண்ணிய குமிழி இரண்டு முறையும் ஒரே அளவில், ஒரே இடத்தில் ஒட்டுவது அபூர்வம். அதனால் தனி நிரப்பல்களுக்கு இடையிலான ஒற்றுமைதான், கண்ணுக்குத் தெரியாத குமிழிக்கு எதிராக நம்மிடம் இருக்கும் நல்ல சாட்சி. ஒரே நிரப்பலைப் பத்து முறை அளப்பது அதற்கு ஈடாகாது.

நோட்டில் இருக்கும் பழைய A உதவுவதும் இங்கேதான். கண்ணாடிக் குழாய் ஒரே வாரத்தில் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. A திடீரென இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஏறினால், காற்றின் அலைவு நேரம் பழையபடியே இருக்க தண்ணீரின் அலைவு நேரம் மட்டும் குறைந்திருந்தால், அது குமிழி. காற்றின் அலைவு நேரம் மட்டும் கூடியிருந்தால் குழாய் காயவில்லை அல்லது அழுக்கு. இரண்டும் சேர்ந்து நகர்ந்திருந்தால் வெப்பநிலையையோ குழாயையோ பார்க்க வேண்டும்.

மாதிரி அளக்கும்போது

எண் நிலைக்கும் விதத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம். மாதிரி குழாயைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் அடர்த்தி கூடுதலாகத் தொடங்கி, ஒரே திசையில் இறங்கி, வேகம் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். அது வெப்பம் சமனாவது, பயப்பட வேண்டாம். நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி வளர்கிறது. எண் திடீரென மேலோ கீழோ தாவினால் ஒரு குமிழி இடம் மாறியிருக்கிறது அல்லது வெளியேறியிருக்கிறது.

பீர், சோடா வகைகளை வாயு நீக்காமல் விடவே கூடாது. கிளறியோ அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தோ வடிகட்டியோ வாயுவை நீக்கலாம். ஆல்கஹால் உள்ளதை அதிக நேரம் கிளறினால் ஆல்கஹாலும் போய்விடும், அதனால் நேரத்தை ஒரே அளவாக வையுங்கள். தண்ணீர் சேர்த்து இப்போதுதான் நீர்க்கச் செய்த ஸ்பிரிட்டை உடனே அளக்காமல், மூடிவைத்து, குமிழி அடங்கி, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு எடுங்கள். பெட்ரோல் போல எளிதில் ஆவியாவதை உறிஞ்சி இழுத்து நிரப்பாதீர்கள், அழுத்தம் குறைந்தால் அதுவே ஆவிக் குமிழியாகும். சிரிஞ்சால் தள்ளி நிரப்புங்கள். சர்க்கரைப் பாகு, கெட்டி எண்ணெய் போன்றவற்றில் மாட்டிய குமிழி எழுந்து வராது. கொஞ்சம் சூடாக்கி, குமிழி ஏற நேரம் கொடுத்து, பிறகு விடுங்கள்.

கெட்டியான திரவத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. காற்றும் தண்ணீரும் இரண்டுமே பாகுநிலை குறைந்தவை. அவற்றை வைத்துச் சரிசெய்த கருவியில் பாகுநிலைத் திருத்தம் இல்லையென்றால், கெட்டி எண்ணெயின் அடர்த்தி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். குமிழி குறைத்துக் காட்டும், பாகுநிலை கூட்டிக் காட்டும். எவ்வளவு கவனமாகத் தண்ணீர் விட்டாலும் இது தீராது. அந்தப் பாகுநிலைக்கு அருகே இருக்கும், சான்றிதழோடு வரும் நியம எண்ணெய் ஒன்றை அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வேலை முடிந்து கிளம்பும்போது குழாயில் மாதிரியை விட்டுவைக்காதீர்கள். கழுவி, எத்தனால் விட்டு, காயவைத்து, காற்றின் எண்ணை நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். மறுநாள் காலையில் வருபவர் அந்த எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டுத்தான் முதல் சிரிஞ்சைத் தொட வேண்டும்.